புரோட்டமினைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன?

"இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினை முறிக்க 100 யூனிட்டுக்கு 1 மி.கி. புரோட்டமின் என்று படித்தேன். ஒன்று எதிர்மின், இன்னொன்று நேர்மின், ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிட்டால் என்ன? ஏன் எல்லோரும் இந்த மருந்துக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்?"

கூடுதலாகக் கொடுத்தால் இரத்தக் கசிவு குறைவதற்குப் பதிலாகக் கூடலாம். ஹெப்பரின் கிடைக்காத புரோட்டமின் சும்மா மிதந்துகொண்டு இருப்பதில்லை; தானே உறைதலைத் தடுக்கத் தொடங்கிவிடும். இன்னொரு சிக்கல், எவ்வளவு ஹெப்பரினை முறிக்கப் போகிறோம் என்பதே பெரும்பாலும் ஊகம்தான். பல ஆண்டுகளாக இதய அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவராக இருக்கிறேன். இதய-நுரையீரல் இயந்திரமான பம்ப் நின்ற பிறகு ஒவ்வொரு முறையும் செய்யும் வேலை இது என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மின்னூட்டக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹெப்பரின் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதன் கண்ணிகளில் சல்பேட், கார்பாக்சில் குழுக்கள் நெருக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், அத்தனையும் எதிர்மின். உடலில் உருவாகும் மூலக்கூறுகளில் இவ்வளவு அடர்த்தியான எதிர்மின்னூட்டம் வேறெதற்கும் இல்லை என்பார்கள். புரோட்டமின் அதற்கு நேர் எதிர்: 32 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அர்ஜினின். அர்ஜினினின் நேர்மின் இரத்தத்தின் காரத்தன்மையில் அணைவதே இல்லை. இயற்கையில் புரோட்டமினின் வேலை மீன் விந்தணுவுக்குள் டிஎன்ஏவைச் சுருட்டி அடுக்கிவைப்பது. டிஎன்ஏவும் எதிர்மின் கொண்ட நீண்ட சங்கிலிதானே! 1870களில் பாசல் நகரில் ஃப்ரீட்ரிஷ் மீஷர் ரைன் நதி சால்மன் மீனின் விந்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அது ஹெப்பரினையும் முறிக்கும் என்று 1937இல்தான் தெரியவந்தது. ஆக, இது ஹெப்பரினுக்கென்று வடிவமைக்கப்பட்ட மருந்தே அல்ல. எதிர்மின் உள்ள எதையும் பற்றிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. பின்னால் வரும் தொல்லைகளுக்கெல்லாம் வேர் அதுதான்.

முறிப்பு நடப்பது எப்படி? ஹெப்பரின் தானாக எந்த உறைதல் காரணியையும் தடுப்பதில்லை. நம் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் மேல் போய் உட்கார்ந்து, அதன் வேகத்தை ஆயிரம் மடங்கு அளவுக்குக் கூட்டுகிறது. உட்காரும் அந்த இடத்திலும் இருப்பவை அர்ஜினினும் லைசினும்தான், அதாவது நேர்மின் அமினோ அமிலங்கள். எனவே ஹெப்பரினை ஆன்டித்ராம்பினிடம் பிடித்துவைப்பதும் பெருமளவு மின் ஈர்ப்பே. புரோட்டமின் வந்ததும் அதைவிட வலுவாக இழுத்து ஹெப்பரினைத் தன் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. ஆன்டித்ராம்பின் பழையபடி மெதுவான ஆளாகிவிடுகிறது. இது நடக்க 5 நிமிடம் போதும். ஹெப்பரின் அழிந்துவிடவில்லை, சிறைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சிறைக்குத் தப்பும் ஹெப்பரினைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சங்கிலியின் நீளமும் இதில் முக்கியம். எனாக்சபரின் போன்ற குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பரின்களில் துண்டுகள் சிறியவை, சல்பேட் குறைவு. புரோட்டமினுக்குப் பிடி கிடைப்பதில்லை. உறைதலின் முக்கிய நொதியான த்ராம்பினுக்கு எதிரான அவற்றின் செயல் முழுதாக முறிந்தாலும், பத்தாம் காரணிக்கு எதிரான செயலில் 60 சதவீதம் அளவுக்குத்தான் முறிகிறது. வெறும் ஐந்து சர்க்கரை கொண்ட ஃபோண்டபரினக்ஸை முறிக்கவே முடிவதில்லை. ஆகவே நான் இனிச் சொல்வதெல்லாம் பழைய, பிரிக்கப்படாத ஹெப்பரினைப் பற்றி மட்டும்.

சரி, மீந்துபோகும் புரோட்டமின் என்ன செய்கிறது? தட்டணுக்களின் மேற்பரப்பு எதிர்மின் கொண்டது. புரோட்டமின் அங்கே ஒட்டினால், காயத்தில் தட்டணுவைப் பிடித்து நிறுத்தும் வான் வில்லபிராண்ட் காரணியோடு அது சரியாக இணைய முடியாது. த்ராம்பின் ஐந்தாம் காரணியைத் தூண்டுவதையும் புரோட்டமின் மட்டுப்படுத்துகிறது. உருவாகும் உறைகட்டியும் வலுவிழந்ததாக இருக்கிறது. சோதனைக் குழாயில் இவையெல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் நோயாளியின் உடலில் இவற்றில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம். தனியாக மிதக்கும் புரோட்டமினின் அரை ஆயுள் சில நிமிடங்களே என்பதால், பாதிப்பும் சற்று நேரத்துக்குத்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்தச் 'சற்று நேரம்' அறுவை மருத்துவர் நெஞ்சை மூடுவதற்காகக் கசிவு நிற்கக் காத்திருக்கும் நேரமாக இருப்பதுதான் வம்பு.

இப்போது அளவுக்கு வருவோம். 100 யூனிட்டுக்கு 1 மி.கி. என்பதைப் பலரும் வேதிச் சமன்பாடு போல எண்ணுகிறார்கள். அது ஒரு தரக் கட்டுப்பாட்டு எண். அமெரிக்க மருந்து நூல் தர விதிப்படி 1 மி.கி. புரோட்டமின் சல்பேட் *குறைந்தது* 100 யூனிட் ஹெப்பரினை முறிக்க வேண்டும். அதாவது அந்த விகிதத்திலேயே கொஞ்சம் மிகை ஒளிந்திருக்கலாம். பெரிய பிழை வருவது விகிதத்தில் அல்ல, "எந்த ஹெப்பரின்?" என்ற கேள்வியில். கொடுத்த ஹெப்பரினா, இப்போது உடலில் மிச்சம் இருக்கும் ஹெப்பரினா?

எளிய உதாரணம் வார்டில். மணிக்கு 1,000 யூனிட் வீதம் நாள் முழுக்க ஹெப்பரின் சொட்டு ஓடியிருக்கிறது, திடீரென இரத்தப்போக்கு. 24 மணி நேரத்தில் போனது 24,000 யூனிட், எனவே 240 மி.கி. என்று கணக்கிட்டால் பெரிய ஆபத்து. ஹெப்பரினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரத்தில் போன 1,000, அதற்கு முந்தைய மணியில் போனதில் பாதி 500, அதற்கும் முந்தையதில் கால் பங்கு 250 என்று எடுத்துக்கொண்டால் 1,750 யூனிட். 17 அல்லது 18 மி.கி. போதும். 240 எங்கே, 18 எங்கே! இங்கே கால்குலேட்டரைவிடக் கடிகாரம் முக்கியம். சொட்டை நிறுத்தி ஏற்கெனவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டதென்றால் இந்த 18இலும் பாதிதான் தேவை. இரத்தப்போக்கு பெரிதாக இல்லையென்றால் சொட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே போதும். முறி மருந்தே வேண்டாம்.

அறுவை அரங்கில் இவ்வளவு எளிதில்லை, ஏனென்றால் ஹெப்பரினின் அரை ஆயுள் அளவோடு சேர்ந்து நீளும். கிலோவுக்கு 25 யூனிட் கொடுத்தால் அரை மணி, 100 கொடுத்தால் ஒரு மணி, 400 கொடுத்தால் இரண்டரை மணி. உடலைக் குளிர்வித்தால் இன்னும் நீளும்.

70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு பைபாஸ் அறுவை என்று வைத்துக்கொள்வோம். ஹெப்பரினுக்கு முன் ஏசிடி, அதாவது ஊக்கிய உறைதல் நேரம், 118 விநாடி. கிலோவுக்கு 300 யூனிட் வீதம் 21,000 யூனிட் கொடுக்கிறோம். ஏசிடி 500ஐத் தாண்டுகிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தை நிரப்பும் திரவத்தில் 5,000. ஒரு மணி நேரம் கழித்து ஏசிடி 440க்கு இறங்கியதால் இன்னொரு 5,000. மொத்தம் 31,000. பம்ப் ஆரம்பித்து 110 நிமிடத்தில் நிறுத்துகிறோம். மொத்தத்தை வைத்து ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் 310 மி.கி. முதல் அளவை மட்டும் வைத்தால் 210. இந்த இரண்டு மணி நேரத்தில் கணிசமான பங்கு வெளியேறியிருக்கும் என்பதால் நான் முதல் அளவில் எண்பது சதவீதத்துக்கு, அதாவது 170 மி.கி. பக்கம்தான் போவேன். இந்த எண்பது சதவீதம் என் வழக்கம். வேறு மருத்துவமனைகளில் வேறு எண். ஒன்றுக்கு ஒன்றைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று 2017இல் ஐரோப்பிய இதய அறுவை, மயக்கவியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. சரியான எண் எது என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம், கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நான் கீழே நிற்பது அதனால்தான். ஹெப்பரினின் அளவை நேரடியாக அளக்கும் கருவி இருக்கும் அரங்குகளில் இந்த ஊகத்துக்கே வேலை இல்லை. அங்கே தேவைப்படும் புரோட்டமின் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

170 மி.கி. போன பிறகு ஏசிடி 131. ஆனால் தையல் ஓரங்களிலிருந்து மெல்லக் கசிகிறது. அறுவை மருத்துவர் திரையின் அந்தப் பக்கமிருந்து "இன்னும் ஒரு 50 போடுங்கள்" என்கிறார். அடிக்கடி கேட்கும் வாசகம்தான் இது. 118 இருந்தது, 131 ஆகியிருக்கிறது. 13 விநாடிக்கு ஹெப்பரின் மிச்சம்தான் காரணமா? ஏசிடியால் இதைச் சொல்ல முடியாது. மீந்த ஹெப்பரினும் அதை நீட்டும், மிகையான புரோட்டமினும் நீட்டும், குளிர்ந்த உடலும் குறைந்த தட்டணுவும்கூட நீட்டும். ஆகவே அதே இரத்தத்தை இரண்டு குழாயில் போட்டு, ஒன்றில் ஹெப்பரினை வெட்டிப்போடும் ஹெப்பரினேஸ் என்ற நொதியைச் சேர்ப்போம். நொதி உள்ள குழாய் 112 என்றும் இல்லாதது 131 என்றும் வந்தால் ஹெப்பரின் மிச்சம் இருக்கிறது. 20 அல்லது 25 மி.கி. கொடுக்கலாம். இரண்டும் 130ஐ ஒட்டியே வந்தால் ஹெப்பரின் இல்லை என்று பொருள். அப்போது 50 கொடுத்தால் கசிவுக்கு நாமே இன்னொரு காரணத்தைச் சேர்த்ததாகிவிடும். உடல் வெப்பத்தையும் தட்டணுக்களையும் ஃபைப்ரினோஜனையும் பார்க்க வேண்டிய நேரம் அது. தையல் போடாத ஒரு இரத்தக் குழாய் எங்காவது கசிகிறதா என்று அறுவை மருத்துவரும் பார்க்கலாம் (இதைச் சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும்).

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. பம்பில் மீந்த இரத்தத்தை நோயாளிக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை உப்பு நீரில் கழுவாமல் அப்படியே கொடுத்தால் அதிலுள்ள ஹெப்பரினும் கூடவே வரும். அப்போது சிறிது புரோட்டமின் சேர்ப்பது நியாயமே. அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல் ஏசிடியைப் பார்த்தே செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னது எவ்வளவு என்பது பற்றி. எவ்வளவு வேகமாக என்பதுதான் நீங்கள் கேட்ட அந்தப் பயத்துக்குக் காரணம். வேகமாகச் செலுத்தினால் நேர்மின் நிறைந்த இந்தப் புரதம் மாஸ்ட் செல்களிலிருந்து ஹிஸ்டமினைக் கிளப்பிவிடும். இரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் சரியும். மருந்துக் குறிப்பு சொல்லும் எல்லை நிமிடத்துக்கு 5 மி.கி., எந்தப் பத்து நிமிடத்திலும் 50 மி.கி.க்கு மேல் கூடாது. அதை அப்படியே பின்பற்றினால் 170 மி.கி.க்கு அரை மணிக்கு மேல் ஆகும். நடைமுறையில் பல அரங்குகளில் அதைவிட விரைவாக முடிக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான் முதலில் 10 மி.கி.யை மெதுவாகக் கொடுத்து ஓரிரு நிமிடம் காத்திருப்பேன். பிறகு மீதியை ஊசிப் பம்பில் போடுவேன். கையால் தள்ளும்போது யாராவது கூப்பிட்டால் கை நம்மை அறியாமலே வேகமெடுத்துவிடும்.

அந்த முதல் 10 மி.கி. எதற்கென்றால், அழுத்தம் மெல்லச் சரிவது தவிர இன்னும் மோசமான இரண்டு எதிர்வினைகள் உண்டு. ஒன்று உண்மையான ஒவ்வாமை அதிர்ச்சி. புரோட்டமின் கலந்த என்.பி.எச். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள், முன்பு புரோட்டமின் பெற்றவர்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள், கருத்தடை அறுவை செய்துகொண்ட ஆண்கள் ஆகியோரிடம் இதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். (கடைசியாகச் சொன்னவர்களுக்குத் தங்கள் விந்தணுப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம்.) இவர்களில் பெரும்பாலோர் பிரச்சினையின்றித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. மற்றொன்று அரிது, ஆனால் கொடியது. ஹெப்பரினும் புரோட்டமினும் சேர்ந்த கட்டிகள் காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டி, த்ராம்பாக்சேன் வெளிப்பட்டு, நுரையீரல் தமனிகள் இறுகிவிடும். நுரையீரல் தமனி அழுத்தம் ஏற, வலது கீழறை திறந்த நெஞ்சில் கண் முன்னே பலூன் போல வீங்க, உடலின் இரத்த அழுத்தம் விழும். கண்டவுடன் புரோட்டமினை நிறுத்த வேண்டும், அட்ரீனலின் தொடங்க வேண்டும். தேறாவிட்டால் முழு அளவு ஹெப்பரின் கொடுத்து மீண்டும் பம்புக்குப் போக வேண்டும். மெதுவாகக் கொடுப்பது, முதலில் சொன்ன ஹிஸ்டமினால் அழுத்தம் சரிவதைப் பெரிதும் தடுக்கும். இந்த மோசமான இரண்டையும் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 10 மி.கி.யிலேயே தெரிந்துவிட்டால் மீதி 160 ஊசியிலேயே நிற்கும்.

மறக்கக் கூடாத இன்னொன்று. புரோட்டமின் தொடங்கும்போது உரக்கச் சொல்ல வேண்டும், பம்ப் இயக்குநர் அதைக் கேட்டதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் உறிஞ்சு குழாய்களை நிறுத்தாமல் விட்டால் புரோட்டமின் கலந்த இரத்தம் இயந்திரத்துக்குள் போய் அங்கேயே உறைந்துவிடும். நோயாளிக்குத் திரும்ப பம்ப் தேவைப்படும் அந்த நொடியில் பம்ப் இருக்காது. நான் பயிற்சியில் இருந்தபோது, சொல்லாமல் ஊசியை இணைத்ததற்காக என் மூத்தவர் என்னை அரங்கை விட்டே வெளியே அனுப்பினார். அன்று விபரீதம் ஏதும் நடக்கவில்லை. அவர் செய்தது சரி.

இனி, சிறைக்குத் தப்பிய ஹெப்பரின். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிகுழாயில் இரத்தம் கூடத் தொடங்கலாம். ஹெப்பரினில் ஒரு பங்கு பிளாஸ்மா புரதங்களோடும் இரத்த நாளச் சுவரோடும் ஒட்டியிருந்து புரோட்டமினின் கைக்கு எட்டாமல் தப்பியிருக்கும். புரோட்டமினோ விரைவில் இரத்தத்திலிருந்து போய்விடும். ஒளிந்திருந்த ஹெப்பரின் பிறகு மெதுவாக வெளியே வருகிறது. இதை ஹெப்பரின் மீள்வரவு என்கிறோம். இதைக் காரணம் காட்டி ஆரம்பத்திலேயே 300 மி.கி. கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பயன் இல்லை, அந்த மிகையும் மீள்வரவு தொடங்கும் முன்பே கரைந்துபோயிருக்கும். சில இடங்களில் இதற்காக மணிக்கு 25 மி.கி. வீதம் சில மணி நேரம் மெல்லிய சொட்டாகக் கொடுக்கிறார்கள். மீள்வரும் ஹெப்பரின் குறைகிறது, ஆனால் இரத்தம் ஏற்றும் தேவை அதனால் குறைகிறதா என்பது அவ்வளவு தெளிவில்லை. நான் எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை. வடிகுழாயில் கூடினால் மறுபடியும் அதே இரண்டு குழாய்ச் சோதனை. வித்தியாசம் தெரிந்தால் 25 மி.கி.யைப் பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் அளப்பேன். வித்தியாசம் இல்லையென்றால் புரோட்டமின் புட்டியைத் தொடாமல் அறுவை மருத்துவரைக் கூப்பிடுவேன்.